மேஜர் ஜி.பி.ஏ. மட்டும் 2.0-க்குக் கீழே: அமெரிக்காவில் பி.எஸ். படிக்கும் வேலூர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

“மொத்த ஜி.பி.ஏ. 2.45 இருக்கு. ஒரே ஒரு எஃப் தவிர எல்லாமே பாஸ். அப்புறம் ஏன் பட்டம் கிடைக்காதுன்னு சொல்றாங்க?”

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இளநிலைப் பட்டம் தருவதற்கு முன் இரண்டு ஜி.பி.ஏ.க்களை, அதாவது கிரேடு சராசரிகளைத் தனித்தனியே பார்க்கிறார்கள். படித்த எல்லாப் பாடங்களுக்குமான சராசரி ஒன்று. மேஜர், அதாவது நீங்கள் பட்டம் வாங்கும் துறையின் பாடங்களுக்கு மட்டுமான சராசரி இன்னொன்று. இரண்டுமே 2.0-க்குக் குறையக் கூடாது என்பது பரவலான நிபந்தனை. சில துறைகள் மேஜருக்கு 2.25, 2.5 என்று கூட்டியும் கேட்கும். வரலாறு, ஆங்கிலக் கட்டுரை, இசை ரசனை போன்ற பொதுப் பாடங்களில் வாங்கிய பி-க்கள் முதல் சராசரியைத் தூக்கிப் பிடித்திருக்கும். இரண்டாவதற்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

வேலூர் வட்டாரத்தில் இது புரியாமல் போவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. படித்த அக்காவோ சித்தப்பாவோ வீட்டில் இருப்பார்கள். அங்கே பார்ட் 3 என்று மேஜர், அலைடு பாடங்கள் தனியாகத்தான் இருக்கின்றன, எம்.எஸ்சி. சேரும்போது அந்த மார்க்கைத்தான் கேட்பார்கள். ஆனால் பட்டம் வாங்க ஒவ்வொரு பேப்பரிலும் 40 எடுத்துத் தேறினால் போதும். ‘அரியர் இல்லை என்றால் டிகிரி உண்டு’ என்பதுதான் நாம் பழகிய கணக்கு.

அமெரிக்காவில் டி என்பது தேர்ச்சிதான். அந்தப் பாடத்தின் கிரெடிட்டும் கிடைக்கும். ஆனால் அதன் மதிப்பு 1.0, கேட்கும் சராசரியோ 2.0. ஆகவே எல்லா மேஜர் பாடத்திலும் டி வாங்கித் தேறிய ஒருவர் ஒரு பாடத்தில்கூடத் தோற்காமலே பட்டம் கிடைக்காமல் நிற்கலாம்.

“மேஜர் ஜி.பி.ஏ.யில் எந்தெந்தப் பாடம் சேரும்? நான் போட்ட கணக்கும் ஸ்கிரீனில் வர்றதும் ஒத்துப்போகலை.”

பெரும்பாலும் ஒத்துப்போகாது. காரணம், ‘மேஜர் பாடம்’ என்பதை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாக வரையறுக்கிறது. சில துறைகள் தங்கள் துறையின் குறியீட்டோடு நீங்கள் எடுத்த எல்லாப் பாடங்களையும் சேர்க்கும். சில துறைகள் மேல்நிலைப் பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதாவது மூன்றாம், நான்காம் ஆண்டுக்கானவை. முதலாம் ஆண்டு அறிமுகப் பாடத்தில் வாங்கிய ஏ அங்கே எண்ணிக்கையிலேயே வராது. இன்னும் சில, கால்குலஸ், இயற்பியல், புள்ளியியல் போன்ற துணைப் பாடங்களையும் மேஜருக்குள் இழுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பவர் கால்குலஸில் வாங்கிய டி எந்தச் சராசரியில் விழுகிறது என்பதை இந்த வரையறைதான் முடிவு செய்கிறது.

எனவே நண்பர் சொன்னதையோ அறைத்தோழர் போட்ட எக்ஸெல் கணக்கையோ நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நீங்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டக் கையேடு. நடப்பு ஆண்டுக் கையேடு அல்ல. பெரும்பாலும் சேர்ந்த ஆண்டின் விதிகள்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். இரண்டு, பட்டத்துக்கான தேவைகளில் எவை முடிந்தன, எவை பாக்கி என்று காட்டும், மாணவர் போர்ட்டலில் இருக்கும் `Degree Audit` பக்கம். அதில் மேஜருக்கென்று ஒரு பகுதி இருக்கும். அதற்குள் பட்டியலிட்டிருக்கும் பாடங்கள்தான் கணக்கில் சேர்ந்தவை. பல கல்லூரிகளில் அந்தப் பகுதியின் தலைப்பிலேயே `Major GPA` என்று எண்ணும் போட்டிருக்கும்.

ஆடிட் பக்கத்திலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மேஜருக்குள் மூன்று எலெக்டிவ் தேவை என்றிருக்க, நீங்கள் நான்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மென்பொருள் முதலில் கண்ணில் பட்ட மூன்றை அந்த இடங்களில் உட்கார வைத்துவிட்டு, நான்காவதை ‘பொது எலெக்டிவ்’ பட்டியலில் தள்ளிவிடும். அப்படித் தள்ளப்பட்டது உங்கள் பி-யாகவும், உள்ளே உட்கார்ந்திருப்பது டி-யாகவும் இருக்கலாம். துறை அட்வைசரிடம் சொன்னால், விதி இடம் கொடுக்கும் பட்சத்தில், இரண்டையும் மாற்றி வைக்க அவர் குறிப்பு எழுதுவார். ஒரு புதிய பாடம்கூடப் படிக்காமல் சராசரி ஏறுவதற்கு இருக்கும் ஒரு வழி இது. ஆனாலும் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. துறையின் எல்லாப் பாடங்களையும் சேர்க்கும் கல்லூரியில் மட்டும் இது பலிக்காது.

“இன்னும் எவ்வளவு தேவைன்னு எப்படிக் கணக்குப் போடுறது?”

சராசரியை வைத்துக்கொண்டு யோசித்தால் குழம்பும். அதற்குப் பதிலாகப் புள்ளிப் பற்றாக்குறையைக் கண்டுபிடியுங்கள். ஒரு பாடத்தின் புள்ளி என்பது கிரேடின் மதிப்பைக் கிரெடிட்டால் பெருக்கி வருவது. 3 கிரெடிட் பாடத்தில் ஏ வாங்கினால் 12 புள்ளி, பி என்றால் 9, சி என்றால் 6, டி என்றால் 3, எஃப் என்றால் 0.

```
பற்றாக்குறை = (2.0 × மேஜர் கிரெடிட்) − மேஜர் புள்ளிகள்
```

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். மேஜருக்கு 15 பாடங்கள் வேண்டும், எல்லாம் 3 கிரெடிட். மாணவர் இதுவரை 12 எடுத்திருக்கிறார்: பி இரண்டு, சி ஏழு, டி இரண்டு, எஃப் ஒன்று. புள்ளிகள் 18 + 42 + 6 + 0, ஆக 66. முயன்ற கிரெடிட் 36. எஃப் வாங்கிய பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்காவிட்டாலும் வகுக்கும் எண்ணில் அது இருக்கும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 66-ஐ 36-ஆல் வகுத்தால் 1.83. பற்றாக்குறை 72 − 66, அதாவது 6 புள்ளி.

இதே மாணவர் பொதுப் பாடங்களில் 62 கிரெடிட்டுக்கு 174 புள்ளி வாங்கியிருந்தால், மொத்தம் 98 கிரெடிட்டுக்கு 240 புள்ளி. அதுதான் முதல் கேள்வியில் வந்த 2.45.

இனி எடுக்கும் ஒவ்வொரு பாடமும் அந்த 6-ஐ எவ்வளவு குறைக்கும் என்று பார்த்தால் போதும். 2.0-க்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதைக் கிரெடிட்டால் பெருக்குங்கள். 3 கிரெடிட் பாடத்தில் ஏ 6 புள்ளியை அடைக்கும். பி 3 புள்ளியை அடைக்கும். சி பிளஸ் 2.3 மதிப்புடையது என்பதால் 0.9 மட்டும். சி எதையும் அடைக்காது, கூட்டவும் கூட்டாது. சி மைனஸ் பெரும்பாலான கல்லூரிகளில் 1.7, அது பள்ளத்தை 0.9 ஆழமாக்கும். டி வந்தால் 3 புள்ளி ஆழம். ‘இனிமேல் எல்லாத்துலயும் சி வாங்கிடறேன்’ என்று வீட்டுக்குச் சொல்லும் உறுதிமொழி இந்தக் கணக்கில் ஒன்றுமே செய்யாது.

“அந்த எஃப்-ஐயே திரும்பப் படிக்கணுமா, இல்ல புதுப் பாடம் எடுத்து ஏத்திக்கலாமா?”

கட்டாயப் பாடம் என்றால் திரும்பப் படித்தே ஆக வேண்டும். கேட்க வேண்டியது, திரும்பப் படித்த பிறகு பழைய எஃப் என்ன ஆகிறது என்பதுதான். நம் ஊரில் அரியர் எழுதித் தேறினால் விவகாரம் அதோடு முடிந்தது. அங்கே கல்லூரிக்குக் கல்லூரி இரண்டு விதம்.

முதல் விதத்தில் புதிய கிரேடு பழையதன் இடத்தைப் பிடிக்கும். பழைய கிரேடு டிரான்ஸ்கிரிப்டில் ஒரு குறியோடு தெரியும், ஆனால் சராசரியில் சேராது. இரண்டாவது விதத்தில் இரண்டு கிரேடுகளும் சராசரியில் இருக்கும். கிரெடிட் மட்டும் ஒருமுறை கிடைக்கும்.

மேலே சொன்ன மாணவரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு மீதம் நான்கு பாடங்கள்: எஃப் வாங்கியது ஒன்று, இதுவரை தொடாதவை மூன்று. முதல் விதக் கல்லூரியில் எஃப்-ஐத் திரும்ப எடுத்து சி வாங்கினால், அதே 36 கிரெடிட்டுக்குப் புள்ளி 72 ஆகிறது. பற்றாக்குறை அந்த இடத்திலேயே தீர்ந்தது. மீதி மூன்றிலும் சி வாங்கினால் 45 கிரெடிட், 90 புள்ளி, சரியாக 2.0.

இரண்டாம் விதக் கல்லூரியில் அதே சி ஒன்றையும் அடைக்காது. 39 கிரெடிட்டுக்கு 72 புள்ளி, தேவை 78, பற்றாக்குறை 6-லேயே நிற்கிறது. மீதி மூன்று பாடங்களில் இரண்டிலாவது பி, அல்லது ஒன்றிலாவது ஏ வாங்கி, மற்றதில் சி-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் 48 கிரெடிட்டுக்கு 96 புள்ளி வரும். ஒரே மாணவர், ஒரே மார்க். ஒரு கல்லூரியில் நாலு சி போதும், இன்னொன்றில் இரண்டு பி-யோ ஓர் ஏ-யோ இல்லாமல் முடியாது. கையேட்டில் ரிபீட் பற்றிய அந்த ஒரு பத்தியை வாசிக்காமல் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யாதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் விதக் கல்லூரியிலும் சில முட்டுக்கட்டைகள் உண்டு. மாற்றீடு தானாக நடக்காமல், ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் படிவம் கொடுத்தால்தான் நடக்கும் இடங்கள் இருக்கின்றன. அதற்கும் கடைசித் தேதி இருக்கும். எத்தனை கிரெடிட் வரை மாற்றலாம் என்று வரம்பு வைத்திருப்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் முதல் 16 யூனிட் வரைதான் பழைய கிரேடு சராசரியிலிருந்து விலகும். அதற்கு மேல் இரண்டும் சேரும். பாட எண் மாறியிருந்தால் அதே பாடம்தான் என்று துறை எழுதித் தர வேண்டும். மொத்த ஜி.பி.ஏ.யில் மாற்றிவிட்டு, மேஜர் ஜி.பி.ஏ.யில் இரண்டையும் சேர்க்கும் துறையும் இருக்கலாம். அதனால் ‘மாற்றீடு மேஜர் சராசரிக்கும் பொருந்துமா?’ என்று அட்வைசரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

“டி வாங்கினது பாஸ்தானே? அதைப் போய் ஏன் திரும்பப் படிக்கணும்?”

இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது கட்டாயம்: பல துறைகள் குறிப்பிட்ட சில பாடங்களில் ‘சி அல்லது அதற்கு மேல்’ என்று தனியாக நிபந்தனை வைத்திருக்கின்றன. சராசரி 2.0-க்கு மேல் இருந்தாலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் டி இருந்தால் அந்தப் பெட்டி காலியாகவே கிடக்கும். அங்கே சி மைனஸும் உதவாது.

இரண்டாவது லாபக் கணக்கு. கிரேடு மாற்றீடு உள்ள கல்லூரியில் 3 கிரெடிட் டி-யை பி-யாக்கினால் புள்ளி 3-லிருந்து 9 ஆகும். கிரெடிட் கூடாது. ஆக 6 புள்ளி அடைபடுகிறது. புதுப் பாடத்தில் பி வாங்கினால் 3 மட்டுமே. ஏற்கெனவே ஒருமுறை படித்த பாடத்தில் பி வாங்குவது, புதிய மேல்நிலைப் பாடத்தில் பி வாங்குவதைவிடப் பொதுவாகச் சுலபமும்கூட. இரண்டு கிரேடையும் சேர்க்கும் கல்லூரியில் இந்த லாபம் பாதியாகிறது. அங்கே டி-யைத் திரும்பப் படிப்பதும் புதுப் பாடம் எடுப்பதும் புள்ளியில் ஒன்றே என்பதால், எப்படியும் முடித்தாக வேண்டிய புதுப் பாடத்தை எடுப்பதே புத்திசாலித்தனம்.

எச்சரிக்கை ஒன்று. மாற்றீட்டு விதி பெரும்பாலும் ‘கடைசியாக வாங்கிய கிரேடு’ என்றுதான் சொல்லும். ‘அதிகமான கிரேடு’ என்று அல்ல. டி-யைத் திரும்ப எழுதி எஃப் வாங்கினால் இருந்த 3 புள்ளியும் போகும், கிரெடிட்டும் போகலாம். பாதிச் செமஸ்டரில் நிலைமை மோசம் என்று தெரிந்தால் விலகும் கடைசித் தேதிக்குள் முடிவெடுங்கள். சி வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்து ஏற்றிக்கொள்ள அநேக கல்லூரிகள் அனுமதிப்பதில்லை. அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

பாடம் எப்போது நடத்தப்படுகிறது என்பதையும் பாருங்கள். இலையுதிர்ப் பருவத்தில் மட்டும் நடத்தும் மேல்நிலைப் பாடங்கள் உண்டு. ஜனவரியில் விழித்துக்கொண்டால் ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

“மே மாசம் வேலூர் வருவேன். இங்கேயே ஏதாவது காலேஜ்ல அந்தப் பாடத்தைப் படிச்சு மார்க்கை மாத்திக்க முடியுமா?”

முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு கல்லூரியில் படித்த பாடத்தை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொண்டால்கூட, வழக்கமாகக் கிரெடிட் மட்டும்தான் வரும், கிரேடு வராது. கிரேடு வராவிட்டால் புள்ளி இல்லை, பற்றாக்குறை அப்படியே இருக்கும். இது இங்குள்ள கல்லூரிக்கு மட்டுமல்ல, அமெரிக்காவில் செலவு குறைந்த கம்யூனிட்டி காலேஜுக்கும் பொருந்தும். ‘அங்கே ஏ வாங்கிட்டு வந்துடறேன்’ என்று கோடையைச் செலவழித்துவிட்டு, ஆடிட் பக்கத்தில் எண் அசையாததைப் பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம்.

உங்கள் கல்லூரியே கோடையில் ஆன்லைனாக நடத்தும் பாடம் என்றால் கதை வேறு. அது சொந்தக் கல்லூரிக் கிரேடு, சராசரியில் சேரும். வேலூர் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் கோடைப் பாடம் 16 வாரத்து விஷயத்தை ஆறு எட்டு வாரத்தில் ஓட்டும். கிழக்குக் கரைக் கல்லூரிக்கும் நமக்கும் அப்போது ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை 6 மணிக்குத் தேர்வு என்றால் இங்கே விடிகாலை 3.30. கேமரா வழியே கண்காணிக்கும் தேர்வுக்கு நடுவே கரண்ட் போனால் பேச்சுவார்த்தைக்கு இடமிருக்காது. இன்வெர்ட்டரும் மொபைல் டேட்டாவும் தயாராக இருக்கட்டும். கோடைக்கு நிதியுதவி பொருந்தாமல் முழுக் கட்டணம் கேட்பார்களா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

“பாஸ்/ஃபெயில் முறையில எடுத்தா ரிஸ்க் இல்லைதானே?”

ரிஸ்க் இருக்கிறதோ இல்லையோ, பயன் இல்லை. அந்த முறையில் வரும் தேர்ச்சிக்குப் புள்ளி கிடையாது. தவிர, மேஜர் பாடங்களை எழுத்துக் கிரேடுக்கே எடுக்க வேண்டும் என்று துறைகள் பெரும்பாலும் சொல்லிவிடும்.

“1.98 வந்திருக்கு. ரவுண்ட் பண்ணி 2.0-ன்னு எடுத்துக்க மாட்டாங்களா?”

பெரும்பாலும் மாட்டார்கள். நிபந்தனை புள்ளியில் இருக்கிறது. 96 தேவைப்படும் இடத்தில் 95.1 இருந்தால் அது குறைவுதான். சி எதிர்பார்த்த இடத்தில் ஒரு சி மைனஸ் வந்துவிட்டால் இப்படி ஆகிவிடும். ஆகவே சரியாகப் பற்றாக்குறை அளவுக்குத் திட்டமிடாமல், குறைந்தது 3 புள்ளியாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். துறைத்தலைவருக்கு விலக்கு கேட்டு மனு எழுதலாம். ஒரு பாடத்துக்குப் பதில் இன்னொன்றை ஏற்கச் சொல்லும் மனுவுக்குப் பலன் கிடைப்பதுண்டு. சராசரியையே தளர்த்தக் கேட்கும் மனு மருத்துவக் காரணம் போன்ற ஆவணம் இல்லாமல் நகர்வது அரிது.

“ஐ-20 மே மாசத்தோட முடியுது. இன்னொரு செமஸ்டர் இழுத்துக்கலாமா?”

இதில்தான் வெளிநாட்டு மாணவருக்கும் உள்ளூர் மாணவருக்கும் பெரிய வேறுபாடு. உள்ளூர் மாணவர் இன்னொரு செமஸ்டர் பணம் கட்டிப் படித்துவிட்டுப் போவார். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர், கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் முடிவுத் தேதிக்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி மூலம் நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும். தேதி தாண்டிய பிறகு கேட்டால் நீட்டிப்பு கிடையாது. அது விசா நிலையை மீட்கும் தனி வழக்காகிவிடும்.

நீட்டிப்புக்கு வலுவான கல்விக் காரணமோ மருத்துவக் காரணமோ வேண்டும் என்கிறது விதி. கூடவே, தாமதத்துக்குக் காரணம் மார்க் குறைவுக்காகக் கல்லூரி வைக்கும் எச்சரிக்கை நிலையான அகாடமிக் புரோபேஷனோ, படிப்பை நிறுத்திவைக்கும் சஸ்பென்ஷனோ என்றால் நீட்டிப்பு தரக்கூடாது என்றும் சொல்கிறது. மேஜர் சராசரி குறைந்தால் துறை உங்களைப் புரோபேஷனில் வைக்கக்கூடும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கடைசிச் செமஸ்டர் வரை காத்திருந்து ‘மார்க் பத்தலை’ என்று போய் நிற்பவரின் நிலை மிகப் பலவீனமானது. கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே அட்வைசரிடம் செமஸ்டர் வாரியாகப் பாடத்திட்டம் எழுதி வாங்குங்கள். கட்டாயப் பாடம் வரும் இலையுதிர்ப் பருவத்தில்தான் நடத்தப்படுகிறது என்பது போன்ற விவரம் அதில் இருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு டி.எஸ்.ஓ.விடம் போனால் பேச ஆதாரம் இருக்கும்.

இளநிலை மாணவர் வழக்கமான செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. கஷ்டமான பாடத்திலிருந்து விலகினால் சராசரி தப்பும், ஆனால் டி.எஸ்.ஓ. அனுமதியின்றி 12-க்குக் கீழே இறங்கினால் விசா நிலை போகும். கடைசிச் செமஸ்டரில் மீதமிருக்கும் பாடங்கள் குறைவு என்றால் முன் அனுமதியோடு குறைத்து எடுக்கலாம். ஒரே ஒரு பாடம்தான் பாக்கி என்றால் அதை ஆன்லைனில் எடுக்க முடியாது. வளாகத்துக்குப் போய்ப் படிப்பதாக இருக்க வேண்டும். திரும்ப எழுத வேண்டிய பாடத்தைக் கடைசிக்குத் தள்ளி வைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

“பையன் எதையும் சொல்ல மாட்டேங்கறான். காட்பாடியில இருந்து நாங்க காலேஜுக்கு போன் பண்ணா, மார்க்கைச் சொல்ல மாட்டோம்னு வைக்கிறாங்க. ஃபீஸ் கட்டறது நாங்கதானேங்க?”

அவர்கள் சொல்லாததற்குக் காரணம் 1974-இல் வந்த ஃபெர்ப்பா என்ற சட்டம். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கல்விப் பதிவேட்டின் உரிமை மாணவருடையது. ஃபீஸ் யார் கட்டினாலும் அதனால் உரிமை வந்துவிடாது. மகன் போர்ட்டலில் ஒப்புதல் கொடுத்தால் பெற்றோரிடம் பேசுவார்கள். பல கல்லூரிகளில் அதற்கென்றே படிவம் இருக்கிறது.

அதைவிட நேரான வழி, அவரையே ஆடிட் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வது. ‘ஜி.பி.ஏ. எவ்வளவுப்பா?’ என்று கேட்டால் 2.45 என்ற பதில் வரும். அதில் பொய்யும் இல்லை. ‘மேஜர் ஜி.பி.ஏ. எவ்வளவு? இன்னும் எத்தனை பாடத்தில் பி வேணும்?’ என்று கேளுங்கள்.

“பட்டமளிப்பு விழாவுக்கு டிக்கெட் போட்டுட்டோம். விழாவுல பேர் வாசிச்சா டிகிரி வந்த மாதிரிதானே?”

இல்லை. பல கல்லூரிகளில் விழா நடக்கும் நாளில் கடைசிச் செமஸ்டரின் கிரேடுகள் முழுதாகச் சரிபார்க்கப்பட்டிருக்காது. பட்டத்துக்கு விண்ணப்பித்தவர்கள் மேடை ஏறலாம் என்றுதான் அனுமதி. கையில் தருவது பெரும்பாலும் வெறும் உறைதான். சில வாரங்கள் கழித்து ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, மேஜர் சராசரி குறைந்திருந்தால் பட்டத்தை நிறுத்திவைத்துக் கடிதம் அனுப்பும். சென்னையிலிருந்து டிக்கெட் போடும் முன், ஆடிட் பக்கத்தில் எதிர்பார்க்கும் கிரேடுகளைப் போட்டுப் பார்த்து எண் 2.0 தாண்டுகிறதா என்று பாருங்கள். படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியான ஓ.பி.டி.க்கு விண்ணப்பிக்கும் முன்னும் இதையே டி.எஸ்.ஓ.விடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

“பற்றாக்குறை 20 புள்ளிக்கு மேல போயிடுச்சு. இனி வழி இருக்கா?”

மீதமிருக்கும் பாடங்கள் நான்கு, எல்லாம் 3 கிரெடிட் என்றால், நான்கிலும் ஏ வாங்கினாலும் அடைபடுவது 24 புள்ளி. இதுவரை சி வாங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நான்கு ஏ வாங்குவார் என்று திட்டம் போடுவது வீண். மாற்றீடு இருந்தால் டி, எஃப் பாடங்களைத் திரும்ப எடுப்பதைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் மேஜரை மாற்றுவதைப் பற்றி நேர்மையாக யோசிக்கலாம். பழைய மேஜரின் டி-க்கள் மொத்தச் சராசரியில் இருக்கும், ஆனால் புதிய மேஜரின் சராசரியில் சேராமல் போகலாம். ஆடிட் பக்கத்தில் `What-If` என்ற வசதி இருந்தால், வேறு மேஜரைத் தேர்ந்தெடுத்து எந்தப் பாடங்கள் அங்கே இடம் பிடிக்கின்றன, எத்தனை பாக்கி வருகிறது என்று அப்போதே பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டர் சயன்ஸிலிருந்து மாறுபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். மேஜர் மாறினால் ஐ-20-யும் திருத்தப்பட வேண்டும். புதிய மேஜர் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இல்லாவிட்டால் ஓ.பி.டி.க்குப் பிறகு கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு கிடைக்காது. ஆகவே பெயரை மட்டும் பார்க்காமல், ஐ-20-இல் அந்த மேஜருக்கு எந்தக் குறியீட்டு எண் போடுவார்கள் என்று டி.எஸ்.ஓ.விடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.

“எம்.எஸ். படிக்கிறவங்களுக்கும் இதே கணக்குதானா?”

முறை அதே, அளவுகோல்தான் வேறு. எம்.எஸ். பட்டத்துக்குப் பொதுவாகக் கேட்பது 3.0. அங்கே சி என்பது 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 3 புள்ளிப் பள்ளம். பி மைனஸ்கூட 0.9 குறைக்கும். பத்தே பாடங்கள் உள்ள படிப்பில் இரண்டு சி வந்தால், மீதியில் ஓர் ஏ 3 புள்ளிதான் அடைக்கும் என்பதால், இரண்டு ஏ வாங்கினால்தான் சமன் ஆகும். சி கிரேடு எத்தனை வரை ஏற்பார்கள் என்ற வரம்பும் தனியாக இருக்கும். அதை முதல் செமஸ்டரிலேயே பார்த்துவிடுங்கள்.